ஏழாங்கட்டையிலிருந்து கிளினிக் வரை

ரூபேந்திரனை நாற்காலியில் உட்கார வைக்க எங்கள் ஆபீசில் யாராலும் முடிந்ததில்லை. நின்றுகொண்டே தட்டச்சு செய்வான். போன் வந்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பான். லிஃப்ட் வரக் கொஞ்சம் நேரமானாலும் படியில் இறங்கிப் போய்விடுவான். எங்கள் ஆபீஸ் இருப்பது ஒன்பதாம் மாடியில். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவனுடைய அறிக்கைகளைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பது என் வேலை, அதனால் அவன் நடையைப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றியதும் எனக்குத்தான்.

பிறந்தது மூவாரில். அப்பா அங்கே நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊர் உலகமெல்லாம் உட்கார நாற்காலி செய்தவருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்து பிறந்ததே என்று நான் கிண்டல் செய்தால், "அப்பாவும் வீட்டுல உட்கார மாட்டாரு பிரேமளா" என்பான். படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். ஆனால் தினமும் எல்லை தாண்டும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவன் முதுகையே பார்த்துக்கொண்டு வாழ்க்கை போகிறது என்று சொல்லி விட்டுவிட்டு, ஜோகூர் பாருவில் எங்கள் கம்பெனியில் வந்து சேர்ந்தான். பாதிச் சம்பளத்துக்கு வந்த பைத்தியக்காரன் என்று எங்கள் முதலாளி மதிவாணன் அவனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார், பாசமாகத்தான்.

அப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையும் நேரத்தைப் பற்றியதுதான். ஒரு இடத்திலிருந்து இத்தனை நிமிடத்துக்குள் சாலை வழியாக எங்கெல்லாம் போகலாம் என்று கணக்கிட்டு வரைபடத்தில் நிறம் தீட்டிக் கொடுப்பான். வட்டம் போடும் கவராயத்தை எடுத்துச் சுற்றினால் போதாதா என்று ஆரம்பத்தில் நான் கேட்டிருக்கிறேன். "காக்காவுக்கு வேணா போதும்" என்றான். மனிதன் சாலையில்தான் போயாக வேண்டும். கம்ப்யூட்டருக்குள் எல்லாச் சாலைகளும் சந்திக்குச் சந்தி துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நீளம், அதில் வண்டி போகும் வேகம், ஒருவழியா இருவழியா என்ற குறிப்பு. நீளத்தை வேகத்தால் வகுத்தால் நிமிடம். தொடங்கும் இடத்திலிருந்து கணக்கு எல்லாத் திசையிலும் ஊர்ந்துகொண்டே போகும். எப்போதும் குறைந்த நேரத்தில் எட்டக்கூடிய சந்தியையே அடுத்ததாகத் தொடும். கொடுத்த நிமிடம் தீர்ந்த இடத்தில் நிற்கும். தொட்ட சாலைகளைச் சுற்றிக் கோடு போட்டால் அதுதான் எல்லை. அது வட்டமாக வரவே வராது. பெரிய சாலை வழியே நீண்டும், ஆற்றங்கரையில் குறுகியும், வார்த்த தோசை கல்லில் இழுபட்டது போலக் கிடக்கும்.

சேர்ந்த புதிதில் முழுக்க முழுக்கத் தீயணைப்பு நிலையங்களுக்குத்தான் இந்த வேலையைச் செய்தான். அதற்காக ஒரு கணக்கு வார்ப்பை உருவாக்கி வைத்திருந்தான். புது வேலை வந்தால் அதைத் திறந்து இடத்தை மட்டும் மாற்றுவான். அவனுக்கு அது பெருமை. மற்றவர்கள் இரண்டு நாள் செய்வதை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு, கையை உதறிக்கொண்டு அறையைச் சுற்றுவான்.

சென்ற வருடம் கிளினிக் வேலை வந்தது. பெக்கான் நானாஸ் ஊருக்கு இந்தப் பக்கம் புதிதாக ஒரு கிளினிக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து சாலை வழி அரை மணி நேரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த நடமாடும் மருத்துவ வேனை நிறுத்திவிட்டு, அதைத் தூரத்து இடங்களுக்கு அனுப்பலாம் என்பது திட்டம். நியாயமான திட்டம்தான். எது அரை மணிக்குள், எது வெளியே என்று சொல்வது எங்கள் பொறுப்பு.

ரூபேந்திரன் வார்ப்பைத் திறந்தான், கிளினிக்கை வைத்தான், வரைபடம் வந்தது. ஏழாவது மைல்கல் பக்கம் இருப்பதால் ஏழாங்கட்டை என்று நம்மவர்கள் சொல்லும் குடியிருப்பு பச்சை நிறத்துக்குள் வந்து விழுந்தது. பழைய தோட்டத்து ஆட்களின் பிள்ளைகள் இருக்கும் நாற்பது ஐம்பது வீடுகள். கிளினிக்கிலிருந்து பன்னிரண்டு நிமிடம். அவன் சும்மா விடவில்லை, ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தும் பார்த்தான். கிளினிக் வாசலிலிருந்து ஏழாங்கட்டைக்குச் சரியாகப் பன்னிரண்டு நிமிடம். குடியிருப்பின் தலைவர் அர்ச்சுனனைப் போனில் கேட்டதற்கு, "பத்து நிமிசம் பாஸ், கூப்பிடற தூரம்தான்" என்றார். மூன்றும் ஒத்துப்போயின. நான் அறிக்கையைத் திருத்தினேன், மதிவாணன் கையெழுத்துப் போட்டார், ஏழாங்கட்டைக்கு வேன் நின்றது.

வேன் நின்று மூன்றாம் மாதம் ஒரு புகார் வந்தது. ஏழாங்கட்டையில் செல்லம் என்ற பெண்மணி, கிளினிக் ரொம்பத் தூரம், வேன் வேண்டும் என்று கேட்டிருந்தார். சுகாதார அதிகாரி டாக்டர் ரொஹானா அதை எங்களுக்கு அனுப்பி, அடுத்த வாரக் கூட்டத்தில் மாவட்டம் முழுவதற்கும் முடிவெடுக்கப் போகிறோம், ஒரு முறை சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

"எதை நிறுத்தினாலும் நாலு பேர் கத்தத்தான் செய்வாங்க. சரியா இருக்குன்னு எழுதிடு" என்றார் மதிவாணன்.

ரூபேந்திரனால் எழுத முடியவில்லை. வரைபடத்தைத் திறப்பான், மூடுவான், தண்ணீர் குடிப்பான், மறுபடி திறப்பான். "பன்னெண்டு நிமிசத்தை எப்படி ஒருத்தங்க தூரம்னு சொல்வாங்க?" என்று என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? அன்று பூராவும் அவன் நடந்த நடையில் எனக்கு ஒரு பக்கம்கூட ஓடவில்லை. எரிச்சலில், "நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடு, இல்லன்னா என்னைக் கொன்னுடுவ" என்றேன். அவன் கார் பட்டறையில் இருந்தது. ஆக, மறுநாள் நான்தான் ஓட்டினேன். வாயைக் கொடுத்தால் இப்படித்தான்.

ஜோகூர் பாருவிலிருந்து போகும்போது ஏழாங்கட்டை சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் தடுப்பு. சாலையை அகலப்படுத்தியபோது போட்டது, முன்பிருந்த திறப்பையும் அடைத்துவிட்டார்கள். தாண்டிப் போய், கிளினிக் இருக்கும் விளக்குச் சந்தியில் திரும்பி, எதிர்ப்பக்கமாக வந்து, இடது கைப் பக்கம் சந்துக்குள் நுழைந்தோம். அவன் கடிகாரத்தைக் காட்டினான். சந்தியிலிருந்து பன்னிரண்டு நிமிடம். "பார்த்தியா?" என்றான். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

செல்லம் அக்கா ஐம்பதைத் தாண்டியவர், சத்தமாகப் பேசுபவர். எங்களைக் கண்டதும் புகாரைப் பற்றிப் பேசவில்லை. "கார்லயா வந்தீங்க? தெய்வம்தான் அனுப்பிச்சி வச்சிருக்கு" என்று உள்ளே கூட்டிப்போனார். அவர் கணவர் வேலு கட்டிலில் படுத்திருந்தார். சர்க்கரை வியாதி. வலது கால் கட்டைவிரலில் புண். அக்கா துணியை விலக்கிக் காட்டினார், விரல் கறுத்திருந்தது. காய்ச்சல் அனலாக அடித்தது.

"மாசாமாசம் வேன்ல வர்ற நர்ஸ் மிஸ்ஸி காலைப் பார்த்து, கழுவிக் கட்டு போட்டுட்டு, நெறம் மாறினா உடனே சொல்லுன்னு சொல்லிட்டுப் போவாங்க. மூணு மாசமா யாரும் பார்க்கலை. நேத்துல இருந்துதான் கறுத்துப் போச்சி. பக்கத்து வீட்டு கமலநாதன்கிட்ட கார் இருக்கு, அவன் பாசிர் கூடாங்ல ஷிப்டு. ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னா இவரு வேணாங்கிறாரு. நீங்க திரும்பறப்ப கிளினிக்ல விட்டுடறீங்களா தம்பி?"

"அதுக்கென்னக்கா, பன்னெண்டு நிமிசம்தானே" என்றான் ரூபேந்திரன்.

செல்லம் அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தார். 

வேலு அண்ணனைப் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்து, தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டார். நான் சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்தேன். கிளினிக் வலது பக்கம். வலது பக்கம் திரும்ப வழி இல்லை, எதிரே சிமெண்ட் தடுப்பு நின்றது.

"எப்படிக்கா போறது?" என்றேன்.

"இடப்பக்கம்தாம்மா. நேரா போய், செம்பனை எண்ணெய் ஆலைகிட்ட யூடர்ன் இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"போம்மா, வரும்."

போனேன். கிளினிக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜோகூர் பாருவைப் பார்த்துப் போனேன். ஒரு கிலோமீட்டர், மூன்று, ஐந்து. தடுப்பு முடிகிற வழியாக இல்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. வேலு அண்ணன் முனகினார். கண்ணாடியில் பார்த்தேன், செல்லம் அக்கா அவர் நெற்றியை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரூபேந்திரன் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் தாளம் போடவில்லை. ஆறு வருடத்தில் அவன் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான், எனக்குப் பயமாக இருந்தது.

"நான் சோதனை பண்ண வந்த அன்னைக்கு..." என்று மெதுவாக ஆரம்பித்தான். "கிளினிக்ல இருந்து இங்க வந்தேன். அப்புறம் அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன் பிரேமளா. ஜோகூர் பாரு இதே பக்கம்தானே. திரும்பி கிளினிக்குக்குப் போகவே இல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவனே சொன்னான். தீயணைப்பு வண்டி நிலையத்திலிருந்து கிளம்பி வீட்டுக்குப் போவது. அதனால் அவன் வார்ப்பு எப்போதும் நிலையத்திலிருந்து வெளியே போகும் நேரத்தைத்தான் கணக்கிடும். கிளினிக்குக்கு நோயாளி அல்லவா வர வேண்டும்? இருவழிச் சாலையில் போக வர ஒரே நேரம்தான், வித்தியாசம் தெரியாது. நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் போவது ஒன்று, வருவது வேறொன்று. சாலையின் குறிப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருந்தன, தடுப்புகூட இருந்தது. கேட்ட திசைதான் தப்பு.

பதினொரு கிலோமீட்டர் போன பிறகு யூடர்ன் வந்தது. திரும்பி, வந்த பதினொன்றையும் மறுபடி ஓட்டினேன். எதிர்ப்பக்கத்தில் ஏழாங்கட்டைச் சந்து கடந்து போனது. செல்லம் அக்கா தன் வீட்டுக் கூரையைத் திரும்பிப் பார்த்தார். ரூபேந்திரன் பின்பக்கம் திரும்பினான்.

"அக்கா, உங்க வேனை நிறுத்துன மேப்பைப் போட்டது நான்தான்."

 இதைச் சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லையா இவனுக்கு?

செல்லம் அக்கா முந்தானையை மடித்து வேலு அண்ணன் நெற்றியில் வைத்தார். பிறகு, "படிச்ச புள்ளைங்க, வந்து பார்க்காமலா போட்டிருப்பீங்கன்னுதான் நெனச்சோம்" என்றார். வேலு அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "திட்டாத புள்ள. கார் ஓடுதுல்ல" என்றார். "நான் எங்க திட்டுனேன்?" என்ற அக்காவின் குரல் உடைந்தது. "தம்பி, நீங்க போட்டதுன்னா நீங்களே மாத்துங்க. வேற யாரு மாத்துவா?"

கிளினிக் வாசலை அடைந்தபோது முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் ஒருவர் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். "அண்ணனோட கிளினிக் கார்டை விட்டுட்டு வந்துட்டீங்கக்கா" என்று நீட்டினார். அர்ச்சுனன். எங்களுக்குப் பிறகு கிளம்பியவர், எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தார்.

வேலு அண்ணனை உள்ளே தள்ளுவண்டியில் கொண்டுபோன பிறகு ரூபேந்திரன் அர்ச்சுனனைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க எப்படி முன்னாடி வந்தீங்க?"

"சாலை ஓரமா எதிர்த்து வந்துட்டேன்லா. பத்து நிமிசம். லைட்டைப் போட்டுக்கிட்டா லாரிக்காரன் ஒதுங்குவான். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான், பிள்ளைங்களை ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போறதும் அப்படித்தான். யூடர்னுக்குப் போய்ச் சுத்திக்கிட்டு வர யாரால முடியும் பாஸ்?"

"அதனாலதான் போன்ல பத்து நிமிசம்னு சொன்னீங்களா?"

"நீங்க எத்தனை நிமிசம்னு கேட்டீங்க, சொன்னேன். ஏன், தப்பா?" அப்போதுதான் அவருக்கு ஏதோ புரிந்தது. "அலமாக்! அதை வச்சா வேனை நிறுத்தினாங்க?" தலையில் கை வைத்துக்கொண்டவர், சட்டென்று அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "பாஸ், ஒண்ணு கேட்கறேன். எதிர்த்து வர்றதை மட்டும் எழுதிடாதீங்க. போலீஸ் வந்து நின்னா ஊரே மாட்டிக்கும். என் மவ மத்தியான ஸ்கூலு. என்கிட்ட மோட்டாரை விட்டா வேற ஒண்ணும் இல்ல."

வேலு அண்ணனை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே வந்திருந்தால் விரலை எடுக்காமல் புண்ணோடு போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். இதை ரூபேந்திரனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொன்னேன். சொல்லாமல் விட்டால் இன்னும் தப்பு என்று பட்டது.

அந்த வாரம் அவன் எல்லாக் கிளினிக்குகளுக்கும் கணக்கை மறுபடி போட்டான். இந்த முறை அம்புக்குறிகளைத் திருப்பி, வீடுகளிலிருந்து கிளினிக்கை நோக்கி. பெரும்பாலான இடங்களில் எல்லை அசையவில்லை. தடுப்புப் போட்ட சாலைகளின் ஓரத்தில் மட்டும் பச்சை பின்வாங்கியது. ஏழாங்கட்டையோடு இன்னும் சில குடியிருப்புகள் வெளியே வந்தன. மதிவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கையெழுத்து என்னோடது, தெரியுமா?" என்று கத்தினார். ரூபேந்திரன், "தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துடறேன் பாஸ்" என்றான்.

கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். டாக்டர் ரொஹானா இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். குடியிருப்பின் தலைவரே பத்து நிமிடம் என்று சொன்னதாக உங்கள் முதல் அறிக்கையில் இருக்கிறதே, அது எப்படி?

ரூபேந்திரன் நின்றுகொண்டுதான் இருந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. "நான் கேள்வியைத் தப்பாகக் கேட்டேன், டாக்டர்" என்றான் மலாயில். "கிளினிக்கிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். அவர் அதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்."

பொய். அவன் அப்படிக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். மதிவாணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ரொஹானா பேனாவை உருட்டினார். "என் தம்பியும் அந்தச் சாலைப் பக்கம்தான் இருக்கிறான், மோட்டாரில்தான் போய் வருகிறான்" என்றார். கேள்வி தவறு என்று குறித்துக்கொண்டார். ஏழாங்கட்டைக்கு வேன் திரும்ப வந்தது. எங்களுக்கு அந்த இலாகாவிலிருந்து அடுத்த வேலை வரவில்லை.

இதோடு அவன் நிம்மதியாக இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால் பாதி ஊருக்கு நல்லது செய்துவிட்டான். அவனோ முன்பைவிட மோசமாகிவிட்டான். ஏழாங்கட்டைக்குப் பக்கத்தில் தடுப்பைத் திறந்து ஒரு யூடர்ன் போட்டால் கிளினிக்குக்குப் பதினாறு நிமிடம்தான் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தோடு சாலைக்காரர்களுக்கு எழுதினான். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினான். மறுபடி அதே பதில்.

"அவங்க எதிர்த்துப் போறதை எழுதியிருந்தா போலீஸ் வந்து தடுத்திருப்பாங்க பிரேமளா. நான் மறைச்சிட்டேன். அர்ச்சுனன் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?" என்று ஒரு நாள் கேட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. "எழுதியிருந்தா அது ஸ்கூலுக்கே போயிருக்காது. நீ என்ன எல்லாத்துக்கும் பொறுப்பா?" என்றேன். அவன் ஜன்னலுக்குப் போனான்.

அப்போதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் எங்களோடு இறங்கி வருவதில்லை. அர்ச்சுனன் மகளை ஏற்றிக்கொண்டு லைட்டைப் போட்டுச் சாலையோரமாக எதிரே கிளம்பும் நேரம் அது. பள்ளி வாசலில் இறக்கிவிட்டதும் அர்ச்சுனன் ஒரே ஒரு வார்த்தை அனுப்புவார்: சம்பாய். வந்து சேர்ந்தாயிற்று. இவன் கேட்டுக்கொண்டதுதான். அது வந்தால்தான் இவனுக்குச் சோறு இறங்கும்.

நேற்று வரவில்லை. நல்ல மழை வேறு. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். ரூபேந்திரன் போனைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றான். நடக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை. "மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பாங்க" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. மதிவாணன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்.

போன் அதிர்ந்தது. ரூபேந்திரன் அதைப் பார்த்தான், திருப்பி எனக்குக் காட்டினான். சம்பாய். கீழே இன்னொரு வரி, மழை பாஸ், பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டோம்.

அவன் தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நானும் உட்காரப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் நானும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன்.